காலாண்டு விற்பனை அறிக்கையைச் சுருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிர்வாகத்துக்கு அனுப்பும் ஒரு பக்கச் சுருக்கத்தில் பெரும்பாலும் முதல் வரியே சறுக்கிவிடுகிறது: "விற்பனை 8% குறைந்தது." கணக்கு சரியாக இருந்தாலும், அதைப் படிப்பவர் எடுக்கும் முடிவு தவறாகப் போகலாம்.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். 2024 இரண்டாம் காலாண்டில் விற்பனை 2 மில்லியன் ரிங்கிட், 2025இல் 1.84 மில்லியன். சரிவு 8%தான். ஆனால் ஹரி ராயா 2024இல் ஏப்ரல் 10, 2025இல் மார்ச் 31. கடைசி நேரப் பெருநாள் வியாபாரம் ஒரு காலாண்டு முன்னே நகர்ந்துவிட்டது. இதை அறிய மாதவாரியாகப் பிரிக்க வேண்டும். ஏப்ரல் 7 லட்சத்திலிருந்து 5 லட்சத்துக்கு இறங்கியிருக்கிறது. மே, ஜூன் சேர்த்து 13 லட்சம் 13.4 லட்சமாகியிருக்கிறது, அதாவது சுமார் 3% வளர்ச்சி. பண்டிகை விலகிய மாதங்களில் கடை வளர்ந்திருக்கிறது என்பதை அதே வரியில் எழுதுங்கள். மே, ஜூனிலும் சரிந்திருந்தால் பண்டிகையைக் காரணம் காட்ட இடமில்லை.

அடுத்த தவறு, விற்பனையோடு நின்றுவிடுவது. இதே கடையின் மொத்த லாப விகிதம் 24%லிருந்து 21% ஆகியிருந்தால், "3% குறைந்தது" என்று எழுதக்கூடாது, அது 3 சதவீதப் புள்ளி. அதைவிடப் பணமாகச் சொல்வதே மேல்: மொத்த லாபம் 4,80,000 ரிங்கிட்டிலிருந்து 3,86,400 ஆனது, குறைவு 93,600. இதில் விற்பனை குறைந்ததால் போனது 38,400 (1,60,000இல் 24%). மீதி 55,200 (18,40,000இல் 3%) லாப விகிதம் இறங்கியதால் போனது. இந்த இரண்டு எண்களும் இல்லாத சுருக்கத்தைப் படித்தால் கூட்டம் முழுக்க விளம்பரத்தைப் பற்றியே பேசுவார்கள். அதிகம் கசிந்த இடம் தள்ளுபடியா, கொள்முதல் விலையா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

எண்களை எடுக்கும் முன் இரண்டு காலாண்டும் ஒரே அடிப்படையில் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பனை வரி சேர்த்ததா, திரும்பி வந்த சரக்கைக் கழித்ததா? ஒன்றில் கழித்து மற்றதில் விட்டால் மேலே சொன்ன எதுவும் நிற்காது.

கடைசியாக, அடுத்த நடவடிக்கை. "தள்ளுபடியைக் கட்டுப்படுத்த வேண்டும்" என்ற வரியை யாரும் செயல்படுத்த முடியாது. பொறுப்பாளர், தேதி, அளவு மூன்றும் வேண்டும். இந்தக் கடைக்கு இப்படி எழுதலாம்:

"ஏப்ரல்–ஜூன் தள்ளுபடிகளையும் கொள்முதல் விலைகளையும் பொருள்வாரியாகப் பிரித்து, 55,200 ரிங்கிட் எங்கே போனது என்று கணக்குப் பிரிவு ஜூலை 18க்குள் தரும். அதுவரை 15%க்கு மேல் தள்ளுபடி தரக் கிளை மேலாளரின் ஒப்புதல் தேவை. நிர்வாகம் முடிவு செய்ய வேண்டியது: இந்த 15% வரம்பை டிசம்பர் வரை வைத்திருக்கலாமா?"