மலாவி ஏரியில் இறங்கும் முன்

மலாவிக்கு வேலைக்கு வந்தவர்கள் முதல் நீண்ட விடுமுறையிலேயே ஏரிக்குக் கிளம்பிவிடுவார்கள். ஏரிக்கரை ஊரான கேப் மக்ளியரின் வெண்மணலையும் கண்ணாடித் தண்ணீரையும் பார்த்தால் யாருக்கும் இறங்கத்தான் தோன்றும். விடுதியில் கேட்டால், "எங்கள் பக்கம் பில்ஹார்சியா கிடையாது" என்பார்கள். அதை நம்ப வேண்டாம்.

பில்ஹார்சியா என்பது ஷிஸ்டோசோமியாசிஸ் நோய்க்கு இங்கு எல்லோரும் சொல்லும் பெயர். இது ஒரு புழுவால் வருகிறது. நோயுள்ளவரின் சிறுநீரில் வெளியேறும் முட்டை நன்னீரில் விழுந்ததும் பொரிந்து, அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரி நீந்தி வெளிவருகிறது. ஏறக்குறைய ஒரு நாளுக்குள் அது தனக்குரிய நத்தையைக் கண்டுபிடிக்காவிட்டால் செத்துவிடும். கண்டுபிடித்துவிட்டால், சில வாரங்கள் நத்தைக்குள்ளேயே பெருகி, பிளவுபட்ட வால் கொண்ட செர்கேரியாக்களாக வெளிவரும். உள்ளே போனது ஒன்று என்றாலும் வெளியே வருவது ஆயிரக்கணக்கில். வெளிச்சம்தான் அவற்றை வெளியே வரத் தூண்டுகிறது. அதனால், நாம் குளிக்க ஆசைப்படும் நடுப்பகல்தான் இந்த ஏரியில் மோசமான நேரம். தோலில் பட்டால் சில நிமிடங்களில் வாலை உதறிவிட்டு உள்ளே போய்விடும். தோலில் காயம் இருக்க வேண்டும் என்றில்லை.

நாணலும் பாசியும் உள்ள தேங்கிய நீரில்தான் ஆபத்து, திறந்த மணற்கரையில் இல்லை என்பது பழைய அறிவுரை. புலினஸ் குளோபோசஸ் என்ற நத்தை அப்படிப்பட்ட இடங்களில் வாழ்வதால் அது ஒரு காலத்தில் சரியாக இருந்திருக்கலாம். ஆனால் ஏரியின் தெற்குக் கரைகளில், திறந்த மணலுக்குள் வாழும் புலினஸ் நயாசானஸ் என்ற இன்னொரு நத்தையும் இந்தப் புழுவைச் சுமப்பது பின்னால் தெரியவந்தது.

இந்த நத்தை ஏன் பெருகியது என்பதற்கான விளக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நத்தையை ஓட்டோடு நொறுக்கித் தின்னும் ஒரு மீன் இந்த ஏரியில் உண்டு. 1980-களிலிருந்து கரையோரத்தில் அளவுக்கு மீறி வலை வீசியதால் அந்த மீன் குறைந்தது, நத்தை கூடியது. அதையடுத்து, பல வருடம் சுத்தமான கரை என்று பெயர் வாங்கிய இடங்களிலும் நோய் வந்தது என்பது ஆய்வாளர்களின் வாதம். இங்கே நீந்திய இரண்டு அமெரிக்கத் தன்னார்வலர்களுக்கு மைய நரம்பு மண்டலத்தையே அது தாக்கியது 1992-இல் தெரியவந்தது.

மருந்து போட்டு நத்தையைக் கொன்றுவிடலாமே என்று கேட்பீர்கள். நிக்லோசமைடு என்ற மருந்து அதற்கென்றே இருக்கிறது. வாய்க்காலிலும் குளத்திலும் வேலை செய்யும். ஆனால் அது மீனையும் கொல்லும், இவ்வளவு பெரிய ஏரிக்கு ஊற்றவும் முடியாது. தப்பிய சில நத்தைகள் சில மாதங்களில் மறுபடி பெருகிவிடும். அதனால்தான் கரையோர மீனைக் காப்பதும், சிறுநீர் தண்ணீரில் சேராமல் கழிப்பறை கட்டுவதும், பள்ளிப் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டியிருக்கிறது.

சரி, உங்கள் கையில் என்ன இருக்கிறது? ஏரியில் இறங்காமல் இருக்கலாம். குளோரின் போட்ட நீச்சல்குளத்தில் பயமில்லை. ஏரியிலிருந்து பம்ப் செய்த தண்ணீரில் குளிப்பதானால், அது தொட்டியில் ஒன்றிரண்டு நாள் நின்றதா என்று கேளுங்கள். செர்கேரியா அவ்வளவு நாள் தாங்காது. அவசரமென்றால் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குளிக்கலாம். தவறி நனைந்துவிட்டால் உடனே துண்டால் அழுத்தித் துடைப்பது கொஞ்சம் உதவலாம், ஆனால் அதையே பாதுகாப்பாக எண்ணிவிடாதீர்கள்.

ஒருவர் அக்டோபர் 5-ஆம் தேதி நடுப்பகலில் அரைமணி நேரம் நீந்தினார் என்று வைத்துக்கொள்வோம். அன்றோ மறுநாளோ தோலில் அரிப்பு வரலாம், வராமலும் போகலாம். மாத இறுதியிலோ நவம்பரிலோ காய்ச்சல், இருமல், தடிப்பு வந்தால் மலேரியாப் பரிசோதனையோடு நிறுத்திவிடாமல், ஏரியில் நீந்தியதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எதுவும் வராவிட்டாலும் எட்டு வாரம் கழித்து, அதாவது நவம்பர் 30 வாக்கில், இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சிறுநீரில் முட்டை தேடுவதானால் நண்பகலை ஒட்டிய மாதிரிதான் ஏற்றது, அப்போதுதான் முட்டை அதிகம் வரும். சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் காத்திருக்கவே கூடாது.

மாத்திரை பிரசிகுவாண்டெல். இந்த வகைப் புழுவுக்கு வழக்கமான அளவு எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம். எழுபது கிலோ ஆளுக்கு 2,800 மில்லிகிராம், அதாவது 600 மில்லிகிராம் மாத்திரையில் நாலரைக்குச் சற்று மேல். எத்தனை என்பதை மருத்துவர் முடிவுசெய்வார். அது வளர்ந்த புழுவைக் கொல்லுமே தவிர இளம் புழுவை அவ்வளவாகத் தொடாது. நீந்திய மறுநாளே விழுங்கினால் பயனில்லாததற்கு அதுவே காரணம். இடையில் ஒரு நாள் மறுபடி ஏரியில் இறங்கிவிட்டால், எட்டு வாரத்தை அந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.