போர் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது? கிளாம்ப் மீட்டரில் பார்க்கும் முறை

30 நிமிடத்தில் மாடித் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்த எங்கள் வீட்டு போர் மோட்டார், ஏப்ரல் பிறந்ததும் 50 நிமிடம் எடுக்க ஆரம்பித்தது. பார்க்க வந்தவர் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மோட்டாரை மேலே தூக்கித்தான் பார்க்க வேண்டும் சார்" என்றார். தூக்குவது என்றால் நான்கு ஆட்கள், ஒரு நாள் வேலை, கையைக் கடிக்கும் கூலி. அதற்கு முன் மோட்டார் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்று நானே பார்த்துவிடலாம் என்று, கம்பியைத் தாடையால் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்கினேன். முதல் நாள் அது எனக்குக் காட்டியது பூஜ்யம். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் விழுகிறது, மீட்டரில் 0.00!

எங்களுடையது 1 குதிரைத்திறன் கொண்ட சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள். சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கிறது. மோட்டாரின் பெயர்த்தகட்டில் 7.5 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. தகடு கிணற்றுக்குள் போய்விட்டது என்றால் பில்லிலோ உத்தரவாத அட்டையிலோ இந்த எண் இருக்கும். முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிட இந்த எண் இல்லாவிட்டால் மீட்டர் காட்டுவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

எந்த மீட்டர்?

வீட்டு வேலைக்கு மாறுதிசை மின்னோட்டம் அளக்கும் சாதாரண மீட்டர் போதும். நான் இரண்டே விஷயங்களில் பிடிவாதம் பிடிப்பேன். ஒன்று, கட்டட மின்இணைப்புகளில் பாதுகாப்பாக அளக்கலாம் என்பதற்கு அடையாளமாக உடலில் `CAT III 600V` என்று அச்சிட்டிருக்க வேண்டும். மற்றொன்று, மின்னோட்டத்தின் அலை வடிவம் சீராக இல்லாதபோதும் சரியாக அளக்கும் `True RMS` வசதி இருக்க வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் ஏசி இருந்தால் அந்த வசதி இல்லாத மீட்டர் தவறான எண்ணைக் காட்டலாம். 600 ஆம்பியர் வரை அளக்கும் பெரிய வாய் கொண்ட மீட்டரை வாங்காதீர்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் அந்த வாய் நுழையாது. சிறிய தாடைதான் வசதி.

பெட்டியைத் திறக்கும் முன்

ஸ்டார்ட்டர் பெட்டியில் உள்ள எம்சிபியை இறக்கிவிட்டால் மின்சாரம் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எம்சிபிக்கு வந்து சேரும் கம்பிகளில் அப்போதும் மின்சாரம் இருக்கும். அதனால் பெட்டிக்கு மின்சாரம் அனுப்பும் மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள ஒரு பிளக் பாயிண்டில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பின் பெட்டிக்குள் வையுங்கள். கம்பியைத் தொடாமலே மின்சாரம் இருப்பதைக் காட்டும், மீட்டரில் உள்ள `NCV` விளக்கை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள்.

பெட்டிக்குள் உருளையாக நிற்பவை கெபாசிட்டர்கள். மின்சாரத்தை அணைத்த பிறகும் அவற்றில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம், முனைகளைத் தொட்டால் உதறும். நமக்கு அங்கே எந்த வேலையும் இல்லை, தொட வேண்டாம். தரை ஈரமாக இருந்தாலும், கம்பியின் மேலுறை வெடித்தோ உருகியோ இருந்தாலும் பெட்டியை மூடிவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். த்ரீ பேஸ் பெட்டி என்றாலும் அதுவே.

நான் தடுக்கி விழுந்த இடம்

முதல் நாள் நான் செய்தது இதுதான்: சுவரில் இருந்து பெட்டிக்குப் போகும் தடித்த கருப்பு கேபிளை அப்படியே மீட்டரின் வாய்க்குள் விட்டேன். அதற்குள் பேஸும் நியூட்ரலும் சேர்ந்தே ஓடுகின்றன. பேஸில் போகும் அதே மின்னோட்டம் நியூட்ரலில் எதிர்த்திசையில் திரும்புகிறது. ஒன்று உண்டாக்கும் காந்தப்புலத்தை மற்றொன்று அழித்துவிடுகிறது. மீட்டர் அளப்பது அந்தக் காந்தப்புலத்தைத்தான் என்பதால் பூஜ்யம் காட்டியது. மீட்டர் பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய், அவர் சிரித்துக்கொண்டே விளக்கியதைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஆகவே ஒரே ஒரு கம்பியைத்தான் தாடைக்குள் விட வேண்டும். மேலுறையோடு இருக்கும் கம்பிதான், எதையும் வெட்டவோ சுரண்டவோ தேவையில்லை. எந்தக் கம்பி என்பதில் இன்னொரு குழப்பம் வரும். பெட்டியிலிருந்து கிணற்றுக்குள் போகும் கேபிளில் மூன்று கம்பிகள் உண்டு. நான் ஆர்வக்கோளாறில் மூன்றையும் தனித்தனியே அளந்தேன். மோட்டாரின் முதன்மைச் சுருளுக்குப் போவதில் 5.9, கெபாசிட்டர் வழியாகப் போவதில் 3.3, பொதுக் கம்பியில் 6.8. முதல் இரண்டையும் கூட்டினால் 9.2 வர வேண்டுமே என்று குழம்பாதீர்கள். அந்த இரண்டு மின்னோட்டங்களும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. அதனால் சாதாரணக் கூட்டல் அங்கே செல்லாது. பெயர்த்தகட்டோடு ஒப்பிட வேண்டியது, எம்சிபியைத் தாண்டி பெட்டிக்குள் வரும் பேஸ் கம்பியில் கிடைக்கும் எண். அந்த ஒன்றை அளந்தால் போதும்.

அளப்பது

மின்சாரம் அணைந்திருக்கும்போதே பேஸ் கம்பியை மெல்ல வெளிப்பக்கம் வளைத்து இடம் உண்டாக்கி, மீட்டரை மாட்டிவிடுங்கள். தாடையின் இரண்டு நுனிகளும் முழுதாகச் சேர்ந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு மணல் துகள் இருந்தாலும் எண் குறைவாகக் காட்டும், நான் ஒவ்வொரு முறையும் துணியால் துடைத்துவிடுவேன். கம்பி தாடையின் நடுவில் நிற்கட்டும். சுழல் சுவிட்சை `A~` என்ற இடத்தில் வையுங்கள். 40 ஆம்பியர் வரம்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

இனி கையை எடுத்துவிட்டு, மெயினைப் போட்டு, வழக்கம்போலப் பச்சைப் பொத்தானை அழுத்துங்கள். முதல் நொடியில் எண் எகிறும். மோட்டார் கிளம்பும்போது பெயர்த்தகட்டில் உள்ளதைப் போல ஐந்தாறு மடங்கு இழுப்பது இயல்புதான், `INRUSH` பொத்தான் இல்லாத மீட்டர் அதைச் சரியாகப் பிடிக்காது. அதை விட்டுவிடுங்கள். குழாயில் தண்ணீர் சீராக வந்து, எண் ஒரு நிலைக்கு வந்தபிறகு படியுங்கள். அதே நேரத்தில் பெட்டியில் உள்ள வோல்ட் மீட்டரையும் பாருங்கள். இரண்டு எண்களையும் சேர்த்தே எழுதிவையுங்கள். வோல்ட் இல்லாமல் எழுதிய ஆம்பியருக்கு மதிப்பில்லை. பெட்டியின் முகப்பில் உள்ள ஆம்பியர் மீட்டரை நம்ப வேண்டாமா என்று கேட்பீர்கள். எங்கள் பெட்டியில் அதன் முள் மோட்டார் நின்ற பிறகும் 5-இலேயே நிற்கிறது.

முடித்ததும் மோட்டாரை நிறுத்தி, மெயினை அணைத்துவிட்டு மீட்டரைக் கழற்றுங்கள்.

எங்கள் மோட்டார் சொன்னது

காலை 7 மணி, 228 வோல்ட், 6.8 ஆம்பியர். தகட்டில் 7.5. எந்தக் கோளாறும் தெரியவில்லை. சரி, பார்த்துக்கொண்டே இருப்போம் என்று ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். 18-ஆவது நிமிடத்தில் எண் ஆடத் தொடங்கியது: 6.1, 4.6, 3.9, மறுபடி 4.6. மாடியில் குழாய் காற்றோடு சேர்ந்து துப்பிக்கொண்டிருந்தது. தண்ணீரைத் தூக்கும் சுமை இல்லாதபோது மோட்டார் குறைவாகத்தான் இழுக்கும். ஆக, மோட்டாரில் பழுது இல்லை. கிணற்றில் ஊறும் வேகம் போதவில்லை. ஒரு டைமர் வைத்து 15 நிமிடம் ஓட்டி, 40 நிமிடம் ஓய்வு கொடுக்கிறேன். மோட்டாரைத் தூக்கவே இல்லை. காற்றை இழுத்துக்கொண்டு ஓட விட்டிருந்தால் தூக்க வேண்டித்தான் வந்திருக்கும், ஏனென்றால் அதைக் குளிர்விப்பது சுற்றி ஓடும் தண்ணீர்தான்.

எண் குறைவாக இருந்தாலே தண்ணீர் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிறிது நேரம் ஓடியபிறகு குறைந்து ஆடினால் நீர்மட்டம். தொடக்கத்திலிருந்தே குறைவாக, ஆடாமல் நின்றால் எங்கோ அடைப்பு, அல்லது வால்வு மூடியிருக்கிறது. வால்வை மூடினால் மோட்டார் திணறி அதிகம் இழுக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்த வகைப் பம்பில் நேர்மாறாக, குறைவாக இழுக்கும்.

எண் தகட்டைவிட அதிகமாக இருந்தால் முதலில் வோல்ட்டைப் பாருங்கள். அதே மோட்டார் ஒரு நாள் மாலை 190 வோல்ட்டில் 8.1 இழுத்தது. வோல்ட் சரியாக இருந்தும் அதிகம் இழுத்தால் முதல் சந்தேகம் கெபாசிட்டர் மேல், அடுத்தது மணல் புகுந்து இறுகுவது. உறுமிக்கொண்டு கிளம்பாமலே நின்றால் எண்ணைப் படிக்கக் காத்திருக்க வேண்டாம், உடனே நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை: ஏசிக்கு எப்படி?

இதைப் படித்த சிலர், பிளக்கில் மாட்டும் ஏசியில் தனிக் கம்பிக்கு எங்கே போவது என்று கேட்டார்கள். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அரை மீட்டர் நீளத்தில் 16 ஆம்பியர் பிளக்கும் சாக்கெட்டும் கொண்ட ஓர் இணைப்பு செய்து வாங்குங்கள். கேபிளுக்குப் பதிலாக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒற்றைக் கம்பிகள் மூன்று, எர்த் உட்பட. பேஸ் கம்பியை மட்டும் மீட்டருக்குள் விடலாம். ஒற்றை உறைதான் என்பதால் அளந்து முடித்ததும் கழற்றி எடுத்துவையுங்கள். அதில் முதலில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை மாட்டிப் பாருங்கள். 230 வோல்ட்டில் 4.3-ஐ ஒட்டி வந்தால் உங்கள் மீட்டர் சரி.

இன்வெர்ட்டர் ஏசியில் ஒரே எண் கிடைக்காது. எங்களுடையது போட்டவுடன் 1 ஆம்பியருக்கும் கீழே இருந்து, சில நிமிடங்களில் 6-ஐத் தொட்டு, அறை குளிர்ந்ததும் 2-க்கு இறங்கியது. வெப்பநிலையை மிகக் குறைவாக வைத்து 15 நிமிடம் கழித்துப் படிப்பதைத்தான் தகட்டோடு ஒப்பிடலாம்.

இன்னொருவர் ஸ்டெபிலைசருக்கு முன்னும் பின்னும் வேறு வேறு எண் வருகிறதே என்றார். வரத்தான் செய்யும். குறைந்த வோல்ட்டை அது ஏற்றிக் கொடுக்கும்போது உள்ளே வாங்கும் பக்கத்தில் ஆம்பியர் கூடும். ஏசியின் தகட்டோடு ஒப்பிட ஸ்டெபிலைசருக்குப் பிறகு அளக்க வேண்டும். எம்சிபி ஏன் விழுகிறது என்று தேடுகிறீர்கள் என்றால் அதற்கு முன் அளக்க வேண்டும்.