அமெரிக்க கேம் கன்சோலை இங்கே செருகும் முன்

அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்புகிறவர்களின் பெட்டியில் கன்சோல் ஒன்று இருப்பது இப்போது சாதாரணம். அங்கே சுவரில் வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கன்சோல் எரிவதற்கு வோல்டேஜ் வித்தியாசம் மட்டும் காரணமில்லை. நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களில் எல்லா நாட்டு பிளக்கும் நுழைகிற மாதிரி ஓட்டை வைத்திருக்கிறார்கள். அமெரிக்க தட்டைப் பின்னும் அதில் சுலபமாகப் போய்விடும். பிளக் உள்ளே போனதும் எல்லாம் சரி என்று சுவிட்சைப் போடுவதுதான் முதல் தவறு.

சுவிட்சைப் போடும் முன் லேபிளைப் படிக்க வேண்டும். கன்சோலின் பின்புறத்திலோ அடியிலோ, பவர் பிரிக் எனும் செங்கல் மாதிரியான அடாப்டர் பெட்டி தனியாக இருந்தால் அதன் மேலோ, இன்புட் என்று ஒரு வரி இருக்கும். அதில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் உலகில் எந்த ஊரிலும் ஓடும். 120 வோல்ட் என்றோ 100-127 வோல்ட் என்றோ மட்டும் இருந்தால் இங்கே நேராகச் செருகவே கூடாது. அவுட்புட் என்ற வரியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பிரிக் கன்சோலுக்குக் கொடுக்கும் வோல்டேஜ் அது, ஊர் மாறினாலும் மாறாது.

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகியவற்றின் உள்ளே இருக்கும் பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். நின்டெண்டோ ஸ்விட்சுடன் வரும் அடாப்டரும் அப்படித்தான். இவற்றுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவது வீண் செலவு. ஸ்விட்ச் தவிர மற்றவற்றுக்கு, பின்னின் வடிவத்தை மாற்றும் டிராவல் அடாப்டர்கூட நிரந்தரமாகத் தேவையில்லை. பிளேஸ்டேஷன் 5, இரண்டு எக்ஸ்பாக்ஸ் ஆகிய மூன்றிலும் பின்னால் இருப்பது எட்டு வடிவ சாக்கெட். பழைய டேப் ரிக்கார்டருக்குப் போடும் அதே ஒயர், எந்த எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். 250 வோல்ட் என்றும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ளதாகப் பார்த்து வாங்கி, அமெரிக்க ஒயரைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள்.

டிராவல் அடாப்டரை வருஷக்கணக்கில் மாட்டி வைக்கிறவர்கள் பலர். அது பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜைத் தொடாது. 200 வாட் இழுக்கும் கன்சோலுக்கு நம் வோல்டேஜில் ஒரு ஆம்பியர்கூட ஆகாது, அதனால் லோடு தாங்காமல் அடாப்டர் உருகுவது அபூர்வம். தொல்லை தளர்ச்சியில் வருகிறது. தட்டைப் பின் உள்ளே ஆடும், தொடுமுனையில் சின்னப் பொறி வரும், அந்த இடம் சூடாகிக் கறுக்கும். ஒரு நொடி கரண்ட் விட்டால் கேம் சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போதே கன்சோல் அணையும். அரை மணி நேரம் விளையாடிவிட்டு, சுவிட்சை அணைத்து, அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டிச் சுட்டால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பழைய கன்சோல்களில்தான் ஆபத்து அதிகம். எக்ஸ்பாக்ஸ் 360-ஐ எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மாடலோடு வரும் பெரிய பிரிக்கின் இன்புட் 100-127 வோல்ட். 120 வோல்ட் ஏசியை டிசியாக்கினால் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 170 வோல்ட் நிற்கும். அந்த வோல்டேஜ் வகை பிரிக்கில் 200 வோல்ட் வரை மட்டும் தாங்கும் கெப்பாசிட்டர் போடுவது வழக்கம். இங்கே 230-ஐச் செருகினால் அதே இடத்தில் 325 வோல்ட் ஏறும். டப் என்று சத்தம், கருகல் நாற்றம், பல சமயம் வீட்டு எம்.சி.பி.யும் விழும்.

இதற்கு டிரான்ஸ்ஃபார்மர் தேடுவதைவிட 200-240 வோல்ட் இன்புட் உள்ள 360 பிரிக்கை வாங்குவதே நல்லது. கன்சோலுக்குத் தேவை 12 வோல்ட், அதை எந்த நாட்டு பிரிக் கொடுத்தாலும் ஒன்றுதான். ஆனால் 360-இல் பல தலைமுறை உண்டு. முதலில் வந்தது 203 வாட், பிறகு 175, பிறகு 150. பழைய கன்சோலில் சிறிய பிரிக் நுழையாதபடி கனெக்டரிலேயே தடுப்பு வைத்திருக்கிறார்கள். அந்தத் தடுப்பைச் செதுக்கி நுழைப்பது பிரிக்கின் சக்திக்கு மேல் இழுக்க வைப்பதாகும், செய்யாதீர்கள். ஸ்லிம் மாடலின் கனெக்டர் முற்றிலும் வேறு. கையிலுள்ள பிரிக்கின் அவுட்புட் வரியைப் பார்த்து, வோல்ட் அதேயாகவும் ஆம்பியர் அதே அல்லது அதிகமாகவும் உள்ளதை வாங்குங்கள்.

பிரிக் கிடைக்கவில்லை, அல்லது பவர் சப்ளை உள்ளேயே இருக்கிற 120 வோல்ட் கன்சோல் என்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர்தான் வழி. இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன. பயணத்துக்கு என்று விற்கும் உள்ளங்கை அளவு கன்வெர்ட்டரை, 1600 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குவது ஒன்று. அது ஹேர் டிரையர், இஸ்திரிப்பெட்டி மாதிரி சூடேற்றும் சாமான்களுக்கானது. அலையை வெட்டி சராசரியைக் குறைக்கிறதே தவிர, உச்ச வோல்டேஜ் அப்படியே வரலாம். எலக்ட்ரானிக்ஸ் அதைத் தாங்காது. இரும்புக் கோரும் செம்புச் சுற்றும் உள்ள, கையில் கனக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

இன்னொன்று அளவு. 203 வாட் பிரிக் சுவரிலிருந்து இழுப்பது அதைவிட அதிகம், ஏனென்றால் பிரிக்கிலேயே கொஞ்சம் வெப்பமாகப் போகும். டிரான்ஸ்ஃபார்மரின் அளவை வி.ஏ. என்று போடுவார்கள், கிட்டத்தட்ட வாட் மாதிரிதான். அதற்கு 250 வி.ஏ. வாங்கினால் விளிம்பில் ஓடிச் சூடாகும். 500 வி.ஏ. வாங்குங்கள். முதல்முறை கன்சோலைச் செருகாமல், மல்டிமீட்டரில் அவுட்புட்டை அளந்து பாருங்கள். 110 வோல்ட் என்று விற்கும் டிரான்ஸ்ஃபார்மர் 230-க்கு 110 தருகிறது. இரவில் லைன் 250 ஆனால் 120 தரும், அது பரவாயில்லை. விலை குறைந்தவை பெரும்பாலும் இன்புட்டும் அவுட்புட்டும் ஒரே சுற்றைப் பகிரும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். அதன் பொதுச் சுற்று அறுந்தால் முழு 230-ம் அவுட்புட்டில் வந்துவிடும். முடிந்தால் தனித்தனிச் சுற்று உள்ள ஐசொலேஷன் வகையைக் கேட்டு வாங்குங்கள். விளையாடி முடித்ததும் சுவரிலேயே அணைத்துவிடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. புதிய வகை பிரிக்குகளுக்கு இது பிரச்சினையில்லை. நின்டெண்டோவின் பழைய கன்சோலான என்.இ.எஸ். காலத்து அடாப்டருக்குள் இருப்பதோ சின்ன இரும்பு டிரான்ஸ்ஃபார்மர். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த அதை 50-இல் ஓட்டினால் கூடுதலாகச் சூடாகும். அந்த அடாப்டர்களில் இன்னொரு கண்ணியும் உண்டு: அமெரிக்க என்.இ.எஸ். அடாப்டர் வெளியே தருவது 9 வோல்ட் ஏசி. பின் பொருந்துகிறது என்று அதை டிசி கேட்கும் ஃபாமிகாம், மெகா டிரைவ் போன்ற பழைய கன்சோல்களில் செருகினால் கன்சோல் போய்விடும்.

தவறிப்போய் 120 வோல்ட் பிரிக்கை 230-இல் செருகிவிட்டால், உள்ளே ஃபியூஸை மட்டும் மாற்றி மறுபடி முயலாதீர்கள். ஃபியூஸ் போனதற்குக் காரணமான பாகம் ஷார்ட்டாகவே உள்ளே இருக்கும். சுவரிலிருந்து கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கலாம், திறப்பது மெக்கானிக்கின் வேலை. பிரிக் தனியாக உள்ள கன்சோல்களில் அடி பெரும்பாலும் பிரிக்கோடு நின்றுவிடும். சரியான வோல்டேஜ் பிரிக் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்த பிறகு கன்சோல் போய்விட்டதா என்று முடிவு செய்யுங்கள். 360 என்றால் பிரிக்கிலேயே விளக்கு உண்டு: தயார் நிலையில் ஆரஞ்சு, ஓடும்போது பச்சை, கோளாறு என்றால் சிவப்பு.