ஒரே விற்பனைப் பதிவு, இரண்டு தொகுதிகள்: காலாவதித் திகதியைச் சரியாகக் காட்டுவது எப்படி?

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வீட்டிலிருந்தபடியே ஸ்ட்ரோபெரி ஜேம், தேயிலைப் பக்கற் போன்றவற்றை ஒன்லைனில் விற்பவர்கள், புதிய சரக்கு வந்ததும் பழைய விற்பனைப் பதிவிலேயே எண்ணிக்கையை மட்டும் கூட்டிவிடுவது வழக்கம். அந்தப் பதிவில் காலாவதித் திகதியும் எழுதப்பட்டிருந்தால், அடுத்த நாளே அது பிழையான தகவலாக மாறிவிடலாம். பின்னால் வந்த சரக்குக்குப் பின்னால்தான் திகதி முடியும் என்று எண்ணிவிட முடியாது. விநியோகத்தர் தன் களஞ்சியத்தில் தேங்கிய பெட்டிகளை அனுப்பினால், புதிதாக வந்தது முதலில் காலாவதியாகும்.

முதற்படி: போத்தலைப் பார்த்து எழுதுங்கள்

பெட்டியின் வெளியே உள்ள இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே பெட்டிக்குள் இரண்டு தொகுதிகள் கலந்திருப்பதுண்டு. மூடியில் மை கொண்டு அச்சிட்ட இலக்கம் மலைநாட்டு ஈரத்தில் அழிந்துபோகக்கூடும் என்பதால், சரக்கு வந்த அன்றே ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு போத்தலைப் படமெடுத்து வைப்பது நல்லது.

இரண்டாம் படி: கூகுள் ஷீட்டில் இரண்டு தாள்கள்

முதல் தாளில் A முதல் F வரை வந்த திகதி, பொருட் குறியீடு, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, வந்த எண்ணிக்கை, மீதி ஆகியவை இருக்கட்டும். `Orders` என்ற இரண்டாம் தாளில் திகதி, ஓடர் இலக்கம், பொருட் குறியீடு, தொகுதி இலக்கம், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். மீதியைக் கையால் எழுதாமல் F2 இல் இதை இட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=E2-SUMIFS(Orders!E:E,Orders!C:C,B2,Orders!D:D,C2)
```

ஒரே தொகுதி மீண்டும் வந்தால் புதிய வரி சேர்க்கக் கூடாது; சேர்த்தால் விற்றது இரண்டு வரிகளிலும் கழிபடும். பழைய வரியின் E இல் `=24+12` என்று கூட்டினால் போதும்.

திகதியை 2027-02-20 என்ற வடிவிலேயே தட்டச்சுங்கள். 05/03 என்று எழுதினால், தாளின் பிராந்திய அமைப்பு அமெரிக்காவாக இருக்கும்போது அது மே 3 ஆகிவிடும். எழுதிய திகதி கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால், ஷீட் அதை வெறும் எழுத்தாகவே எடுத்திருக்கிறது என்று அறியலாம். கீழே வரும் சூத்திரங்கள் அந்த வரியைச் சத்தமின்றி விட்டுவிடும்.

மூன்றாம் படி: பதிவில் இடவேண்டிய திகதியும் எண்ணிக்கையும்

```
=MINIFS(D2:D,B2:B,"JAM450",F2:F,">0",D2:D,">"&TODAY()+30)
=SUMIFS(F2:F,B2:B,"JAM450",D2:D,">"&TODAY()+30)
```

முதலாவது, கையிருப்பில் மிக விரைவில் முடியும் திகதியைத் தரும்; இரண்டாவது, விற்கக்கூடிய மொத்த எண்ணிக்கையைத் தரும். 30 என்பது கூரியரில் போய்ச் சேரவும் வாங்கியவர் சாப்பிட்டு முடிக்கவும் நான் விடும் நாட்கள், பொருளுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். திகதிக்குப் பதில் 1899-12-30 என்று தோன்றினால், தகுதியான சரக்கு எதுவும் இல்லை, அல்லது திகதிகள் எழுத்தாகப் பதிவாகியுள்ளன என்று பொருள். பதிவில் "காலாவதி: இத்திகதி அல்லது அதற்குப் பின்" என்று எழுதினால், எந்தத் தொகுதியிலிருந்து அனுப்பினாலும் சொன்ன வாக்குப் பிழைக்காது.

ஓர் உதாரணம்

SJ-114 தொகுதியில் 9 போத்தல்கள் மீதமுள்ளன, திகதி 2027-03-15. அவற்றில் 4 போத்தல்களுக்கு ஓடர் வந்துவிட்டது, இன்னும் பொதியிடவில்லை. இந்நிலையில் SJ-109 தொகுதியில் 36 போத்தல்கள் வருகின்றன, திகதி 2027-02-20. மார்ச் 15 என்று பார்த்து வாங்கிய அந்த 4 பேருக்கும், ஆளுக்கொன்றாக, SJ-114 இலிருந்துதான் கொடுக்க வேண்டும். ஆகவே முதலில் அந்த ஓடர்களை SJ-114 என்று `Orders` தாளில் எழுதிவிடுங்கள். பிறகு புதிய தொகுதியைச் சேர்த்தால், திகதி 2027-02-20 என்றும் எண்ணிக்கை 41 என்றும் கிடைக்கும்.

பதிவைத் திருத்தும்போது திகதியை முதலில் மாற்றி, அதன் பின்னரே எண்ணிக்கையைக் கூட்டுங்கள். தலைகீழாகச் செய்தால், இடைப்பட்ட நேரத்தில் வரும் ஓடர்கள் பழைய திகதியை நம்பி வந்தவையாகிவிடும். இலக்கம் தெரியும் பழைய படம் பதிவில் கிடந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். இனிமேல் SJ-109 தான் முதலில் வெளியேற வேண்டும் என்பதால், ராக்கையில் அதை முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள். அது முடிந்ததும் சூத்திரம் தானாகவே மார்ச் 15 க்கு மாறும், ஆனால் பதிவு மாறாது. அதை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

ஒரே ஓடருக்கு இரண்டு தொகுதிகளிலிருந்து அனுப்ப நேர்ந்தால், `Orders` தாளில் இரண்டு வரிகளாக எழுதுங்கள். திரும்பி வந்து மீண்டும் விற்கத்தக்க போத்தலை அதே தொகுதியின் பெயரில் -1 என்று எழுத வேண்டும். உடைந்ததைச் சாதாரண விற்பனை போலவே கழித்து, ஓடர் இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் "உடைவு" என்று குறித்தால் போதும். உற்பத்தியாளர் ஒரு தொகுதியை மீளப்பெறும் நாளில், `Orders` தாளின் D நிரலை அந்த இலக்கத்தால் வடிகட்டினால், யார் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பது ஓடர் இலக்கங்களோடு கிடைத்துவிடும்.