எஸ்.பி.எம். பதற்றம்: நாளின் இலக்கை அளந்து வகுக்கும் முறை

எஸ்.பி.எம். வரலாற்றுப் பாடத்தில் படிவம் 4, படிவம் 5 இரண்டிலும் சேர்த்து 20 அத்தியாயங்கள் உள்ளன. "இன்று இரவு மூன்று அத்தியாயங்கள்" என்று எழுதி வைத்துவிட்டு, ஒன்றைக்கூட முடிக்காமல் நள்ளிரவில் படுக்கும் மாணவருக்கு, மறுநாள் விடியும்போதே பதற்றமும் தொடங்கிவிடுகிறது.

முதற்படியாக, உறங்கும் நேரத்தைக் குறித்துவிடுங்கள். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. பகலில் படித்தது நினைவில் நிலைபெறுவதும் அப்போதுதான். பட்டர்வொர்த்தில் படிவம் 5 பயிலும் ஒரு மாணவி, பள்ளிக்காகக் காலை 5.45க்கு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இரவு 9.45க்குள் உறங்கியாக வேண்டும். காஃபின் உடலை விட்டு நீங்கப் பல மணி நேரம் ஆகும் என்பதால், மாலைக்குப் பின் கோப்பியும் தே தாரேக்கும் வேண்டாம்.

அடுத்து, எஞ்சும் நேரத்தைக் கணக்கிடுங்கள். பள்ளி, டியூஷன், குளியல், இரவுணவு எல்லாம் போக, அந்த மாணவிக்கு எட்டு மணி முதல் ஒன்பதேகால் வரை 75 நிமிடங்களே கிடைக்கின்றன. இனி மூன்று நாள்களுக்கு, ஒவ்வொரு வேலைக்கும் தாம் நினைத்த நேரத்தையும் உண்மையில் ஆன நேரத்தையும் அவர் குறித்து வர வேண்டும். 40 நிமிடம் என்று நினைத்தது 60 நிமிடம் பிடித்தால், அவருடைய கணிப்பு ஒன்றரை மடங்காக நீள்கிறது என்று பொருள். எனவே 75 நிமிடத்தில் 15 நிமிடத்தை இடைவெளியாக ஒதுக்கி, மீதமுள்ள 60 நிமிடத்துக்கு, 40 நிமிட வேலை என்று தமக்குத் தோன்றுவதை மட்டுமே அவர் எழுத வேண்டும்: அத்தியாயத்தின் ஓர் உட்தலைப்பைப் படித்து, நூலை மூடி நினைவிலிருந்து குறிப்பெழுதி, பின்னர் பத்துக் கொள்குறி வினாக்களுக்கு விடையளித்தல். "வரலாறு படித்தல்" என்று மட்டும் எழுதினால், எப்போது முடிந்தது என்றே தெரியாது.

முடியாததை உறக்க நேரத்துக்குள் இழுக்காமல், சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். தொடர்ந்து மூன்று நாள்கள் மிச்சம் விழுந்தால், இலக்குதான் பெரிது, அதைக் குறையுங்கள்.

மூச்சுப் பயிற்சியைப் பதற்றமில்லாத நாள்களிலேயே பழகிக்கொள்வது நல்லது. நிமிர்ந்து அமர்ந்து, மூக்கின் வழியே நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். இப்படி ஐந்து நிமிடம் செய்யலாம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. தலை சுற்றினாலோ விரல் நுனிகள் மரத்தாலோ, தேவைக்கு மேல் ஆழமாக மூச்சு விடுகிறீர்கள். நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். தேர்வு மண்டபத்தில் வினாத்தாளைத் திறக்குமுன் இவ்வாறு நான்கைந்து மூச்சு போதும்.

இவற்றையெல்லாம் செய்தும் இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமோ பசியோ இல்லையென்றால், பெற்றோரிடமும் பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் தயங்காமல் சொல்லுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எழுந்தாலோ ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். தாலியான் காசே 15999 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.