காசியில் ஆட்டோ ஏறும் முன்

காசியில் ஆட்டோக்காரரிடம் வெறுமனே "கித்னா?" என்று கேட்காதீர்கள், "கோதௌலியா, சார் லோக், சப் மிலாகே கித்னா?" என்று கேளுங்கள். அதாவது படித்துறைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் கோதௌலியா சந்திப்புக்கு நாலு பேர், எல்லாருக்கும் சேர்த்து எவ்வளவு என்று. அங்கே ஷேர் ஆட்டோ சகஜம் என்பதால் அவர் ஐம்பது என்று சொன்னால் அது ஆளுக்கு ஐம்பதாக இருக்கலாம், இறங்கும்போது இருநூறு கேட்பார், அவர் மேலும் தப்பில்லை.

நம்மவர்கள் இன்னொரு இடத்தில் மாட்டுவது எண்ணில்தான். "டேட் சௌ" என்றால் 150, "டாயி சௌ" என்றால் 250, இரண்டும் காதில் ஒன்று போலவே விழும், அதனால் தொகையைக் கைபேசியில் தட்டிக் காட்டி "இத்னா?" என்று கேட்டுத் தலையாட்ட வையுங்கள். அப்புறம் "கஹான் தக் ஜாயேகா?", எதுவரை போகும் என்பதையும் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் படித்துறைச் சந்துகளுக்குள் ஆட்டோ நுழையாது, மீதியை மூட்டையோடு நடக்க வேண்டும்.

செயலியில் பிடித்த வண்டிக்கும் ப்ரீபெய்டு சீட்டுக்கும் இந்தப் பேரம் தேவையில்லை, எதுவரை என்ற கேள்வி மட்டும் போதும்.