அறிகுறி வினாப்பட்டியலில் எந்தக் கேள்வியை நீக்குவது? செவ்வியல் முறையும் ஐ.ஆர்.டி.யும்

தூக்கமின்மையை அளக்க 8 கேள்விகள் கொண்ட வினாப்பட்டியல் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். பொதுமக்களில் 600 பேர் நிரப்பித் தந்திருக்கிறார்கள். இதில் எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது? விளக்கத்துக்காக நானே அமைத்த எண்களைக் கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: செவ்வியல் சோதனைக் கோட்பாட்டின்படி

R மென்பொருளில் தரவு `d` என்ற பெயரில் இருக்கட்டும்.

```r
psych::alpha(d)
```

முடிவில் `r.drop` என்ற பத்தியைப் பாருங்கள். ஒரு கேள்வி மற்ற கேள்விகளின் கூட்டுத்தொகையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை அது காட்டும். எல்லாக் கேள்விகளும் சேர்ந்து எவ்வளவு ஒத்திசைகின்றன என்பதைக் காட்டும் மொத்த ஆல்ஃபா நம் எடுத்துக்காட்டில் 0.87. "படுத்தபின் தூக்கம் வர நேரமாகிறது", "படுக்கையில் வெகுநேரம் விழித்துக் கிடக்கிறேன்" ஆகிய இரண்டுக்கும் `r.drop` 0.78. "தூக்கம் இல்லாததால் அன்றாட வேலையே செய்ய முடியவில்லை" என்ற கேள்விக்கு 0.29 தான், அதை எடுத்துவிட்டால் ஆல்ஃபா 0.88 ஆகிறது.

0.30க்குக் கீழே இருந்தால் நீக்கு என்பது பலர் பின்பற்றும் விதி. அதன்படி கடைசிக் கேள்வி போய்விடும், முதல் இரண்டும் மிக நல்ல கேள்விகளாக நிற்கும். இரண்டு முடிவுமே தவறாக இருக்கக்கூடும்.

படி 2: அந்த 0.29 எங்கிருந்து வந்தது?

நிகழ்வெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 600 பேரில் 556 பேர் அந்தக் கேள்விக்கு 0 போட்டிருக்கிறார்கள். பதில்கள் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் ஒட்டுறவு தானாகவே சுருங்கும். அதாவது 0.29 என்பது கேள்வியின் தரத்தை மட்டும் சொல்லவில்லை. யாரிடம் கேட்டோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. இதே கேள்வியைத் தூக்கமின்மைக்குச் சிகிச்சை பெறுபவர்களிடம் கேட்டால் எண் ஏறிவிடும்.

படி 3: ஐ.ஆர்.டி. எனப்படும் ஐட்டம் ரெஸ்பான்ஸ் தியரி மாதிரியைப் பொருத்துவது

வரிசைப்படுத்திய பதில்களுக்கு சமேஜிமா 1969இல் முன்வைத்த கிரேடட் ரெஸ்பான்ஸ் மாதிரி பொருந்தும்.

```r
library(mirt)
fit <- mirt(d, 1, itemtype = "graded")
coef(fit, IRTpars = TRUE, simplify = TRUE)
residuals(fit, type = "Q3")
```

`a` என்பது அறிகுறியின் தீவிரம் சற்றே வேறுபடுகிறவர்களைக் கேள்வி எவ்வளவு கூர்மையாகப் பிரிக்கிறது என்பது. `b1`, `b2`, `b3` ஆகிய வாசல்கள் அந்தப் பிரிப்பு தீவிரத்தின் எந்த இடத்தில் நடக்கிறது என்பவை; இந்தத் தீவிர அளவுகோலில் சராசரி 0, திட்ட விலக்கம் 1. செவ்வியல் முறை இந்த இரண்டையும் ஒரே எண்ணில் கலந்துவிடுகிறது.

"வேலையே செய்ய முடியவில்லை" கேள்விக்கு `a` 1.5, வாசல்கள் 2.2, 2.7, 3.2. கூர்மை போதுமானது, ஆனால் கேள்வி வேலை செய்யும் இடம் மிகத் தீவிரமான பகுதி. சரி, அதை வைத்துக்கொள்வதால் என்ன பயன்? அந்தப் பகுதியில் அளவீட்டுப் பிழையைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

```r
th <- matrix(c(0, 2.5))
1 / sqrt(testinfo(fit, th))
```

சராசரி மனிதரிடம், அதாவது 0 என்ற புள்ளியில், தகவல் அளவு 6 என்றால் பிழை 0.41; இந்தக் கேள்வி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய மாற்றமில்லை. 2.5இல் நிலைமை வேறு. கேள்வி இல்லாமல் தகவல் 1.6, பிழை 0.79, கேள்வியோடு தகவல் 2.2, பிழை 0.67. ஆல்ஃபா ஒரே எண் என்பதால் இந்த வேறுபாடு அதில் தெரியவே தெரியாது. தீவிர நோயாளிகளின் முன்னேற்றத்தைக் கண்காணிக்கவே வினாப்பட்டியல் என்றால், நான் இந்தக் கேள்வியை நீக்க மாட்டேன்.

படி 4: அதிகம் பிரகாசிக்கும் கேள்விகளைச் சந்தேகிப்பது

முதல் இரண்டு கேள்விகளுக்கு `a` 4.3, 4.1 என்று வருகிறது. அறிகுறிக் கேள்விகளில் மூன்றைத் தாண்டினாலே நின்று பார்ப்பது நல்லது. தீவிரத்தின் பங்கைக் கழித்த பிறகும் இரண்டு கேள்விகளின் பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் Q3 அட்டவணையில் இந்த ஜோடிக்கு 0.42, மற்ற ஜோடிகளின் சராசரி -0.15க்கு அருகில். சராசரியைவிட 0.2க்கு மேல் விலகினால் பலர் கவனிக்கச் சொல்வார்கள், இது அதைவிட வெகுதூரம் போயிருக்கிறது. இரண்டும் ஒரே விஷயத்தை வேறு சொற்களில் கேட்கின்றன. மாதிரி அந்த இரட்டைக் கேள்வியையே தூக்கமின்மை என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

எது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கி, மாதிரியை மறுபடி ஓட்டுங்கள். மிஞ்சியதன் `a` 1.9 என்று இறங்கும், பிற கேள்விகளின் `a` கொஞ்சம் ஏறும். ஆல்ஃபா 0.82 ஆகக் குறையும். இந்தக் குறைவைக் கண்டு அஞ்ச வேண்டாம். முன்பிருந்த உயரத்தில் ஒரு பகுதி அதே கேள்வியை இருமுறை கேட்டதால் வந்தது. படி 3இன் பிழைக் கணக்கையும் இந்தப் புதிய மாதிரியில் திரும்பச் செய்யுங்கள், ஏனென்றால் பழைய எண்களில் அந்த ஜோடியின் பொய்த் தகவலும் கலந்திருந்தது.

எங்கே கவனம் தேவை

மேல்நிலைப் பதில் 3ஐ 600 பேரில் 10 பேர்தான் தேர்ந்திருக்கிறார்கள் என்றால் `b3` ஆட்டம் காணும். அதன் திட்டப் பிழையைப் பார்க்க `mirt()` வரியில் `SE = TRUE` சேர்த்து, `coef(fit, IRTpars = TRUE, printSE = TRUE)` என்று ஓட்டிப் பாருங்கள். மிகப் பெரிதாக இருந்தால் 2ஐயும் 3ஐயும் இணைத்து மறுபடி பொருத்தலாம். நூறு பேர் தரவுதான் கையில் இருக்கிறது என்றால் இந்த மாதிரியை நம்பாதீர்கள். செவ்வியல் எண்களோடு நிகழ்வெண் பட்டியலையும் கேள்விகளின் பொருளையும் சேர்த்து முடிவெடுப்பது பாதுகாப்பானது.

அப்புறம், இந்த மாதிரி அறிகுறியின் தீவிரம் மக்களிடையே இயல்நிலைப் பரவலில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லாத கூட்டத்தில் அது பொருந்தாமல் போகலாம். அப்போது வாசல்கள் இடம் மாறும். 2.2 என்ற எண்ணை வெட்டுப்புள்ளியாக எங்கும் பயன்படுத்துவதற்கு முன், சிகிச்சை பெறுகிறவர்களிடமும் தரவு எடுத்து மறுபடி பொருத்திப் பாருங்கள்.